வசந்தகுமாரி பார்க்காத முன்வாசல்

லிட்டில் இந்தியாவின் சின்னச் சின்ன ஹோட்டல்களில் எந்தத் தலையணை உறையில் எந்தக் கறை இருக்கிறது என்று வசந்தகுமாரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். ஒருமுறை அவர் கண்ணைக் கட்டிவிட்டு, பதினொரு துண்டுகளைக் கையில் கொடுத்து, எது எந்த ஹோட்டல் என்று தடவிப் பார்த்துச் சொல்லச் சொன்னார்களாம். பத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, பதினொன்றாவதைத் தூக்கி எறிந்து, "இது ஹோட்டல் துண்டு இல்ல, நம்ம ரமீஸ் மூஞ்சி துடைக்கிறது" என்றாராம். நம்பாதவர்கள் ரமீஸையே கேட்கலாம். அவன் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அவன் ஒரு பொய்யன்.

வசந்தகுமாரிக்கு வயது ஐம்பத்தெட்டு. வீடு குவீன்ஸ்டவுனில், பன்னிரண்டாவது மாடியில். வேலை, சலவைத் துணி வினியோகம். துவாஸில் இருக்கும் சலவைக்கூடத்திலிருந்து லாரி விடியற்காலையில் வந்து மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். சிராங்கூன் ரோட்டின் சந்துகளுக்குள் லாரி நுழையாது. அங்கிருந்து நான்கு சக்கரத் தள்ளுவண்டியும் வசந்தகுமாரியும்தான். ஒவ்வொரு ஹோட்டலின் துணிக்கும் ஓரத்தில் ஒரு நிற நூல் வரி உண்டு. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு மஞ்சளும் கறுப்பும். வரி மாறினால் துணி மாறிவிடும். துணி மாறினால் முதலாளிகள் முறைப்பார்கள். இருபத்திரண்டு வருடங்களில் ஒருநாளும் மாறியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இருபத்திரண்டு வருடங்களில் அவர் எந்த ஹோட்டலுக்குள்ளும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. அழுக்குத் துணி மூட்டையை விருந்தினர் கண்ணில் காட்டக் கூடாது என்பது தொழில் ஒழுங்கு. அவருடைய லிட்டில் இந்தியா முழுக்கப் பின்சந்துகளால் ஆனது. பச்சைக் கதவு, துருப்பிடித்த குழாய், பூனை படுக்கும் படிக்கட்டு, எண்ணெய்ச் சட்டி கழுவும் இடம். அந்தக் கதவுகளுக்கு முன்னால் என்ன பெயர்ப்பலகை தொங்குகிறது, என்ன எண் எழுதியிருக்கிறது என்றெல்லாம் அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை, அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

பதினொன்று பத்து இருக்கும். வெயில் சந்துக்குள் இறங்கியிருந்தது. டன்லப் ஸ்ட்ரீட்டின் பின்பக்கம் வசந்தகுமாரி கடைசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஓடி வந்தாள். முப்பது வயதிருக்கும். அலுவலக அட்டை கழுத்தில் திரும்பிக் கிடந்தது. ஒரு காலில் செருப்பு வார் அறுந்திருந்தது.

"அக்கா, நீங்கதானே துணிக்கார அக்கா? ரமீஸ் எண்டு முன்னுக்கு இருக்கிற தம்பி சொன்னவர். எல்லா ஹோட்டல் ரூமையும் தெரிஞ்ச ஆள் நீங்கதான் எண்டு."

"யாரும்மா நீ? முதல்ல மூச்ச விடு."

"நிவேதிகா. என்ர அப்பா இங்க எங்கயோ ஒரு ஹோட்டல்ல இருக்கிறார். எங்க எண்டு தெரியேல்ல. நெஞ்சு வலிக்குது எண்டு போன் எடுத்தவர், பேசிக்கொண்டிருக்கேக்க சத்தம் நிண்டு போச்சு. இப்ப மணி அடிக்குது, எடுக்கிறார் இல்லை."

"ஆம்புலன்ஸ்?"

"கூப்பிட்டன். எந்த இடம் எண்டு கேக்கினம். எனக்குத் தெரியாதே அக்கா!"

கதை சிறியதுதான். நிவேதிகா யாழ்ப்பாணத்துப் பெண். ஆறு வருடங்களுக்கு முன்னால் சிங்கப்பூர்க்காரர் ரமணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அப்பா பசுபதிக்கு அது பிடிக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. முந்தின நாள் சாயங்காலம் திடீரென்று அவரிடமிருந்து ஒரு செய்தி. "சிங்கப்பூர் வந்திருக்கிறன். இங்கதான் நிற்கிறன். வாறதும் வராததும் உன் விருப்பம்." கூடவே ஒரு படம். அவர் ஹோட்டல் அறை பதிவுசெய்த இணையப் பக்கத்தைப் போன் திரையிலேயே படம்பிடித்து அனுப்பியிருந்தார். நிவேதிகா இரவு முழுக்க அழுதுவிட்டு, நாளைக்குப் போகலாம், லீவு போட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தாள். காலையில் அலுவலகத்தில் இருக்கும்போது அந்தப் போன்.

கவனியுங்கள், பசுபதி நாற்பது வருடம் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். முகவரி அரைகுறையாக இருந்த கடிதங்களை "பூரணமற்றது" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியே கை காய்த்தவர். அப்படிப்பட்டவர் அனுப்பிய படத்தில் முகவரியே இல்லை.

வசந்தகுமாரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். ஹோட்டல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "லிட்டில் இந்தியா, 3 நட்சத்திரம், ரகசியச் சலுகை" என்று இருந்தது. கீழே வரைபடம். அதில் இடத்தைக் குறிக்கும் ஊசி இல்லை, இளநீல வட்டம் ஒன்று. அதற்கடியில் பொடி எழுத்தில், சரியான பெயரும் இடமும் பணம் கட்டிய பிறகு காட்டப்படும் என்று எழுதியிருந்தது.

"பணம் கட்டினப்புறம் முகவரி வந்திருக்குமே?"

"அவற்ற ஈமெயிலுக்கு வந்திருக்கும். எனக்கு அனுப்பினது அதுக்கு முதல் எடுத்த படம். அதையே முகவரி எண்டு நினைச்சிட்டார் போல. அந்தத் தளத்துக்கும் போன் பண்ணினன். பதிவு எண் கேக்கினம். பொலிசும் பாக்கினம், இமிகிரேஷனில கேட்டுச் சொல்லுறம் எண்டவை. நேரம் எடுக்குமாம். அக்கா, அவருக்கு எழுபத்திரண்டு வயசு!"

"நீ இதுவரைக்கும் எங்கெங்க போய்க் கேட்ட?"

"வட்டத்துக்கு நடுவில என்ன ஹோட்டல் இருக்கோ அங்க எல்லாம். மூண்டு இடம். ஆர் தங்கியிருக்கினம் எண்டு ஒருத்தரும் சொல்லினம் இல்லை."

வட்டத்துக்குக் கீழே ஓர் அறையின் படம் இருந்தது. வசந்தகுமாரி அதை இரண்டு விரலால் விரித்தார். கட்டில். சுவரில் ஒரு விளக்கு. மடித்து வைத்த குளியல் துண்டு. துண்டின் ஓரத்தை இன்னும் விரித்தார். படம் புள்ளி புள்ளியாக உடைந்தது. ஆனாலும் தெரிந்தது. இரண்டு பச்சை வரி.

"என் துணி" என்றார். குரல் மாறிவிட்டது. "மல்பெரி இன். வா லா, வா!"

தள்ளுவண்டியை அப்படியே விட்டார். மூட்டையில் பாதி சுத்தமான துணி, பாதி அழுக்கு. அவரைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள், வசந்தகுமாரி வண்டியை விட்டுப் போகிறார் என்றால் சிங்கப்பூர் ஆற்றில் தண்ணீர் மேல்நோக்கி ஓடுகிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஓடியிருக்க வேண்டும்.

மல்பெரி இன்னுக்கு இரண்டு கட்டடங்கள். ஒன்று அப்பர் டிக்சன் ரோட்டில், இன்னொன்று வீராசாமி ரோட்டில். இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஒரே பச்சை வரி. வட்டத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இருப்பது அப்பர் டிக்சன் ரோடு. அதனால் அங்கே ஓடினார்கள். நிவேதிகா அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். வெயிலில் காய்ந்த சிமெண்டில் ஒற்றைக் காலால் துள்ளித் துள்ளி வந்தாள். ஓடும்போதே அப்பாவின் எண்ணை மீண்டும் மீண்டும் அழுத்தினாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் பெயர் அனம். முன்வாசல் வழியாக, வியர்வையில் நனைந்து, வசந்தகுமாரி நுழைந்ததைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, இது... பின்னாடி வழியா..."

"பின்னாடி கிடக்கட்டும். பசுபதின்னு ஒருத்தர் தங்கியிருக்காரா, பாரு."

"கெஸ்ட் பேர் சொல்லக் கூடாது ஆன்ட்டி. எனக்கு வேலை போயிடும்."

நிவேதிகா போனை எடுத்து ஆம்புலன்ஸ் எண் 995-ஐ அழுத்தி, ஒலிபெருக்கியில் வைத்து மேசை மேல் தள்ளினாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டது. முகவரி தெரிந்ததா? நோயாளி எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்?

அனம் அந்தக் குரலைக் கேட்டாள். நிவேதிகாவின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு விசைப்பலகையில் தட்டினாள். பெயரைத் தட்டினாள், கடவுச்சீட்டில் வரக்கூடிய மாதிரி மாற்றியும் தட்டினாள், இலங்கையிலிருந்து வந்தவர்கள் யார் என்றும் பார்த்தாள்.

"இங்க இல்ல."

வசந்தகுமாரி மேசையைப் பிடித்துக்கொண்டார். "எப்படி இல்லாம போகும்? என் துணி அது. இதுதான் வட்டத்துக்கு நடுவுல இருக்கு!"

"நடுவுல இருந்தா? ஆன்ட்டி, அந்த வட்டத்தோட நடுவுக்கும் ஹோட்டலுக்கும் சம்பந்தமே இல்ல. வேணும்னே தள்ளி வைப்பாங்க. கட்டடம் வட்டத்துக்குள்ள எங்க வேணும்னாலும் இருக்கும். எங்க ஹோட்டலையே ஒரு தளம் ஒரு தடவ கோயில் வாசல்ல காட்டுச்சு. ஒரு ஜெர்மன்காரர் பெட்டியோட சாமி கும்பிட்டுட்டு வந்தாரு." சொல்லிவிட்டு, சிரிக்கக் கூடாத நேரத்தில் சொல்லிவிட்டோமே என்று உதட்டைக் கடித்தாள். "அந்தப் படத்தக் குடுங்க."

படத்தை வாங்கி அவள் கட்டிலைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்க்கவில்லை. கடைசி வரிக்குப் போனாள். பசுபதி பிடித்த படத்தின் அடியில், பாதி வெட்டுப்பட்ட நிலையில் வசதிகளின் பட்டியல் இருந்தது. நிவேதிகா அதைப் படித்தும் மனதில் வாங்கவில்லை. வசந்தகுமாரி அதைப் படிக்கவே இல்லை.

"லிஃப்ட் இல்லை. தானாகச் செக்-இன், கதவுக்கு எண் பூட்டு." அனம் நிமிர்ந்தாள். "எங்ககிட்ட லிஃப்ட் இருக்கு. இது வீராசாமி ரோடு கட்டடம். ரெண்டுக்கும் ஒரே ரூம் படத்தத்தான் போடுவாங்க."

"அங்க போன் போடு!"

"அங்க ரிசப்ஷனே இல்ல ஆன்ட்டி. ஆளு வேண்டாம்னுதான் எண் பூட்டு போட்டாங்க. அங்க யார் தங்கியிருக்காங்கன்னு மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும்." அவள் ஏற்கெனவே மேலாளரை அழைத்துக்கொண்டிருந்தாள். அவர் எடுக்கவில்லை.

மேசை மேலிருந்த குரல் கேட்டது. வீராசாமி ரோட்டில் எந்த எண்?

நிவேதிகா வசந்தகுமாரியைப் பார்த்தாள்.

வசந்தகுமாரி வாயைத் திறந்தார். நான்கு வருடமாக வாரத்தில் ஆறு நாள் அந்தக் கட்டடத்துக்குத் துணி கொண்டுபோகிறவர். பின்கதவின் எண் பூட்டுக் குறியீடு தெரியும். மூன்றாவது மாடிப் படியில் எந்தப் பலகை கிறீச்சிடும் என்று தெரியும். துணி அலமாரியில் எலி கடித்த மூலை எது என்று தெரியும்.

"முடி வெட்டுற கடைக்குப் பின்னாடி" என்றார். "பச்சை இரும்புக் கதவு. பக்கத்துல துருப்பிடிச்ச குழாய் இருக்கும்..."

ஆம்புலன்ஸ் துருப்பிடித்த குழாயைத் தேடி வராது. அது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அந்த வீதியில் ஒரே மாதிரி மாடி வைத்த கடைவீடுகள் வரிசையாக நிற்கும். முன்னால் அந்தக் கதவுக்கு என்ன எண்? பெயர்ப்பலகை இருக்கிறதா இல்லையா? தெரியாது. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த முன்பக்கத்தில் நடந்திருந்தால் போதும். நடந்ததில்லை.

"எண் தெரியாதா அக்கா?" நிவேதிகாவின் குரல் கிழிந்தது. "அய்யோ, எண் தெரியாதா?"

"இருங்க, இருங்க" என்றாள் அனம். "லைசென்ஸ் லிஸ்ட் இருக்கு."

சிங்கப்பூரில் ஹோட்டல் நடத்த உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஹோட்டல்களின் பட்டியல் அரசாங்க இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவுத் தளம் எத்தனை வட்டம் போட்டு மறைத்தாலும் அந்தப் பட்டியலில் வட்டம் கிடையாது. பெயர், வீதி, கட்டட எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. இந்த ஊரில் பெரும்பாலும் ஒரு கட்டடத்துக்கு ஒரு குறியீடு. அனம் பக்கத்தைத் திறந்தாள். எழுத்துகள் சுழன்று சுழன்று வந்தன. நிவேதிகா திரையின் பக்கம் குனிந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மல்பெரி என்று தட்டியதும் இரண்டு வரி வந்தது. முதல் வரி அவர்கள் நின்றுகொண்டிருந்த இடம். இரண்டாவது வரி வீராசாமி ரோடு.

நிவேதிகா எண்ணைப் படித்தாள். அஞ்சல் குறியீட்டின் ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். குரல் அதைத் திருப்பிச் சொன்னது. வண்டி புறப்பட்டுவிட்டது, நீங்கள் போய்க் கதவைத் திறந்து வையுங்கள் என்றது. அனம் குறியீட்டை வரைபடத்தில் போட்டாள். இந்தத் தடவை வட்டம் வரவில்லை. ஒரே ஒரு கூரையின் மேல் சிவப்பு ஊசி குத்திட்டு நின்றது. இளநீல வட்டத்தின் விளிம்பில், நடுவிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி.

"மேனேஜர் எடுக்குற வரைக்கும் நான் விடமாட்டேன், நீங்க ஓடுங்க!" என்றாள் அனம்.

வசந்தகுமாரிக்கு முழங்காலில் வலி. வருடத்துக்கு இரண்டு ஊசி போட்டுக்கொள்கிறவர். அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தில் சந்தில் படுத்திருந்த பூனைகள் எல்லாம் அடுத்த வீதிக்குக் குடிபோய்விட்டன என்று பிற்பாடு ரமீஸ் சொன்னான். அவர் அழுதுகொண்டே ஓடியதை அவன் சொல்லவில்லை. தன் தகப்பனாரை நினைத்தா, எண் தெரியாத வெட்கத்திலா என்று யாரும் கேட்கவும் இல்லை.

பச்சைக் கதவு. குறியீட்டைத் தட்டினார். வியர்வையில் விரல் வழுக்கித் தப்பாக விழுந்தது. மறுபடி. இன்னொரு தடவை தப்பினால் பூட்டு ஐந்து நிமிடம் அசையாது. நிவேதிகா அவருடைய மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "மெல்லமா அக்கா. மெல்லமா." திறந்தது.

உள்ளே இருட்டும் சோப்பு வாசனையும். மூன்று மாடி, மாடிக்கு ஐந்து அறை. யார் எந்த அறையில்?

"போனப் போடு" என்றார் வசந்தகுமாரி. "சத்தம் போடாத. கேளு."

முதல் மாடியில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது மாடியில் சுத்தம் செய்யும் ஹஸீனா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு குளியலறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வசந்தகுமாரி அவர் தோளைத் தொட்டதும் அலறினார்.

"எல்லா ரூமையும் திறக்கிற மாஸ்டர் கார்டு இருக்கா?"

"இருக்கு, ஏன், என்னாச்சு?"

"மேல வா."

படிக்கட்டு ஏணி போல நின்றது. ஏறும்போது நிவேதிகாவின் போனில் அழைப்பு முடிந்து நின்றது. அவள் மறுபடி அழுத்தினாள். ஒரு நொடி, இரண்டு நொடி. மூவரும் படியிலேயே நின்றார்கள். வசந்தகுமாரிக்கு ஒரு பயங்கரமான எண்ணம் வந்தது. இதுவும் இல்லையென்றால்? பச்சை வரி பொய் சொன்னால்? அந்தப் படமே வேறு எங்கிருந்தாவது எடுத்ததென்றால்? வட்டத்துக்குள் இன்னும் எத்தனை கூரை இருக்கிறது?

அப்போது கேட்டது. மேலே, வலது பக்கம், கதவுக்குப் பின்னால் நாதஸ்வரம். பசுபதியின் போன் அப்படித்தான் கூப்பிடும்.

"அது அப்பாட போன்" என்றாள் நிவேதிகா.

ஹஸீனா அட்டையைத் தேய்த்தார். கதவு நான்கு விரற்கடை திறந்து நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் ஏதோ தடுத்தது. வசந்தகுமாரி இடுக்கில் கையை விட்டுத் தடவினார். துணி. துணிக்குள் ஒரு தோள்.

"தள்ளாதீங்க! ஆள் கிடக்கிறார். மெதுவா." அவர் தரையில் படுத்து, கையை உள்ளே நீட்டி, அந்தத் தோளைப் பிடித்து, துணி மூட்டையை இழுக்கிற அதே பிடியில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். முகம் சிவந்துவிட்டது. ஹஸீனா கதவைத் தாங்கினார். நிவேதிகா ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள்.

பசுபதி கதவுவரைக்கும் வந்து விழுந்திருந்தார். மேல் சட்டை போட்டிருந்தார், வெளியே கிளம்புகிறவர் போல. உதடு நீலம் பாய்ந்திருந்தது. 995 குரல் மறுபடி போனில் வந்து, மூச்சு இருக்கிறதா, மார்பு ஏறி இறங்குகிறதா என்று கேட்டது. நிவேதிகா குனிந்து அவர் மூக்கருகே கன்னத்தை வைத்தாள்.

"இருக்கு. இருக்கு. மெல்லிசா இருக்கு."

கீழே முன்வாசலில் தட்டும் சத்தம். வசந்தகுமாரி எழுந்து படியிறங்கினார். அந்தக் கட்டடத்தின் முன்கதவை அவர் அன்றைக்குத்தான் உள்ளிருந்து முதல்முதலாகப் பார்த்தார். தாழ்ப்பாள் எங்கே என்றே தெரியவில்லை. இரண்டு கையாலும் தடவினார். திறந்ததும் வெளிச்சம் முகத்தில் அடித்தது. ஆம்புலன்ஸின் நீலச் சட்டைக்காரர்கள் மூன்று பேர் பைகளோடு உள்ளே பாய்ந்தார்கள். "மூணாவது மாடி, வலது பக்கம், லிஃப்ட் இல்ல" என்று அவர் கத்தினார்.

செங்குத்துப் படியில் ஆளை இறக்க இருபது நிமிடம் ஆனது. பாதிப் படியில் ஒருமுறை நின்று, எதையோ மாட்டி, எதையோ அழுத்தினார்கள். அந்த நிமிடத்தில் நிவேதிகா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். வசந்தகுமாரி அவள் முதுகில் கையை வைத்திருந்தார்.

வண்டியில் ஏற்றும்போது பசுபதியின் கண் பாதி திறந்தது. ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். நிவேதிகா காதைக் கொண்டுபோனாள்.

"எப்பிடியம்மா கண்டுபிடிச்சனி?"

ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் நேரில் கேட்டது இதுதான்.

"கதைக்காதேங்கோ அப்பா. கண்டுபிடிச்சிட்டன்தானே."

"யார் கூட வர்றது? ஒருத்தர்தான்" என்றார் நீலச் சட்டைக்காரர்.

"நான். மகள்."

அவள் ஒற்றைச் செருப்போடு ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. வண்டி ஊளையிட்டுக்கொண்டே ஜாலான் புசார் பக்கம் திரும்பியது. பிழைப்பாரா, மாட்டாரா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. அவருடைய இதயக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வலை வைத்ததும், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததும், ரமணன் கொண்டுவந்த கஞ்சியை முதல் இரண்டு நாள் வேண்டாம் என்று தள்ளி மூன்றாவது நாள் குடித்ததும் பிறகு நடந்தவை.

வசந்தகுமாரி வீதியில் நின்றார். எதிர்ச் சாரியிலிருந்து திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். வெளிர் மஞ்சள் சுவர், மரச் சன்னல்கள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெயர்ப்பலகை. கதவுக்கு மேலே பித்தளையில் எண். தலையை அண்ணாந்து அதை ஒவ்வொரு இலக்கமாக, பள்ளிப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு அடுத்த கட்டடத்தின் எண்ணைப் படித்தார். அதற்கடுத்தது. வீதி முடியும்வரை நடந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு, தள்ளுவண்டி கிடந்த சந்துக்குத் திரும்பினார்.